சவரிநாதனின் சைக்கிள் சீட்டு

சவரிநாதனை யாராவது "பாவம், ஒண்ணும் தெரியாதவன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு எல்லாம் தெரியும். துறைமுகத்தில் பதினைந்து வருடம் மூட்டை தூக்கினவன். எந்தச் சங்கிலி தாங்கும், எது அறுந்து தலையில் விழும் என்று பார்வையிலேயே சொல்லிவிடுவான். வீட்டில் இருப்பவர்களை மட்டும் அவன் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. அது முட்டாள்தனம் என்றால் நாம் எல்லாரும் முட்டாள்கள்தான்.

என் பெயர் தேசப்பன். ராயபுரம் ஸ்டேஷன் மதிலை ஒட்டி எனக்கு ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் போட்டே வயிற்றைக் கழுவுகிறவன். சவரிநாதன் குடியிருந்தது கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ஒற்றை அறை வீடு. அவனும் மனைவி ஐரீனும்தான். பிள்ளை இல்லை.

அறுபத்தொன்பதாம் வருடம் மாசி மாதம் ஒரு மரப்பெட்டி சரிந்து அவன் வலது முட்டியில் விழுந்தது. நாலு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தான். எலும்பு கூடியது, முட்டி மட்டும் பாதிக்கு மேல் மடங்க மறுத்தது. இனி மூட்டை தூக்க முடியாது. அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. ஷெட்டுக்கு ஷெட்டு காகிதம் கொண்டுபோகிற மெசெஞ்சர் வேலை ஒன்று காலியாக இருந்தது. சொந்த சைக்கிள் வேண்டும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டினால் வேலை. இல்லாவிட்டால் கையில் கொஞ்சம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவன் ஓட்டத் தவறினால் அடுத்த பெயர் அருள்பிரகாசம். ஐரீனுடைய தம்பி. அவனைத் துறைமுகத்தில் சேர்த்துவிட்டதே சவரிநாதன்தான். அந்த இரண்டாவது பெயரை எழுதிக் கொடுத்ததும் அவன்தான்.

"எனக்குக் கெடைக்காட்டி மச்சானுக்காவது கெடைக்கட்டும் தேசப்பா. வெளி ஆளுக்கு ஏன் போவணும்?" என்று என்னிடம் சொன்னான்.

நாலு மாதமும் அவன் சைக்கிள் அருள்பிரகாசத்திடம்தான் இருந்தது. சும்மா நின்றால் டயர் வீணாகும், ஓட்டிக்கினு இரு என்று இவனே கொடுத்தான். திரும்பி வந்தபோது பளபளவென்று வந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சீட்டு முன்பக்கமாக, போகிற அளவுக்கு முழுக்கத் தள்ளியிருந்தது. மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருந்தது. கேரியரில் பெரிய மீன் கூடை வைக்க இடம் வேண்டும் என்றால்தான் சீட்டை அப்படித் தள்ளுவார்கள். வேலைக்குப் போகுமுன் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி ஓட்டியிருக்கிறான் பையன். ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் மாதக்கணக்கில் சீட்டைக் குழாயோடு பிடிக்கிற கிளாம்பில் சொட்டியிருக்கிறது. அதைத் துடைக்காமல் மேலே மீன் எண்ணெயைப் பூசிவிட்டான். படகு வைத்திருக்கிற வீடுகளில் எல்லாவற்றுக்கும் மீன் எண்ணெய்தான். மரத்துக்கு அது மருந்து. துருப்பிடித்த நட்டின் மரைக்குள் போனால் காய்ந்து கோந்து மாதிரி பிடித்துக்கொள்ளும், உள்ளே இருக்கிற உப்பு உள்ளேயே கிடந்து தின்னும். இதைச் சொல்லி நான் திட்டினேன்.

"வுடு மாமு, அவனுக்கு மூணு பசங்க. நாலு காசு பார்த்துட்டுப் போறான்" என்றான் சவரிநாதன்.

ஆனால் அந்தச் சீட்டில் உட்கார்ந்து அவனால் மிதிக்க முடியவில்லை. சீட்டு முன்னால் இருந்தால் பெடல் மேலே வரும்போது முட்டி நெருக்கி மடங்க வேண்டும். அதுதான் அவனுக்கு மடங்காதே. சீட்டுக் குழாயை நான் உயர்த்திக் கொடுத்தேன், ஃபிரேமில் குழாயை இறுக்குகிற போல்ட்டு நன்றாகவே இருந்தது. அப்படியும் போதவில்லை. சீட்டு பின்னால் போக வேண்டும், மூக்கு இறங்க வேண்டும். அதற்கு குழாயின் தலையில் இருக்கிற கிளாம்பு கழல வேண்டும். அது கல்லாகக் கிடந்தது. புதுச் சீட்டும் குழாயும் வாங்க அவனிடம் காசில்லை, என் கடையிலும் உபரி இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐரீன் தனியாகக் கடைக்கு வந்தாள். எனக்கு அவள் மேல் மரியாதை உண்டு. நாலு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்து தேய்ந்தவள்.

"அண்ணே, அந்த சீட்டு வராதுண்ணே. துரு பூந்துகீது. நீங்க போட்டு ஒடிச்சிடாதீங்க. அது வரலன்னு சொல்லி அனுப்பிடுங்க. அந்தக் காலோட சைக்கிள்ல போயி லாரிக்காரன் மேல வுழுந்தா நான் இன்னாண்ணே பண்றது?"

புருஷன் மேல் எவ்வளவு கரிசனம் என்று என் மனசு இளகிவிட்டது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது, "வராது சவரி, வேற சீட்டுதான் பார்க்கணும்" என்று கையைக்கூட வைக்காமல் சொல்லி அனுப்பினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து சந்துக்குள் போனான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை நானே அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "எடுத்துனு வா வண்டிய" என்றேன். ஐரீன் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை அப்போது எனக்குப் புரியவில்லை.

தீ காட்டினால் நட்டு இளகும். ஆனால் மேலே தோல் சீட்டு, சுருங்கிப் போகும். அதனால் கிருஷ்ணாயில்தான். முதலில் துணியில் நனைத்து அந்த மீன் எண்ணெய்ப் பிசினைத் துடைத்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். மறுபடி கிருஷ்ணாயில் விட்டு, சுத்தியால் மெல்லத் தட்டி, ஊற விட்டேன். மதியம் வரை அரைமணிக்கு ஒருமுறை இதே வேலை. பிறகு ரிங் ஸ்பானரை மாட்டித் திருகினேன். அது வழுக்கிச் சுற்றியது. மறுபக்கத்து நட்டிலும் அதே கதை.

குனிந்து பார்த்தேன். நட்டுக்கு ஆறு மூலை இருக்க வேண்டும். இரண்டு நட்டிலும் ஒரு மூலைகூட இல்லை, உருண்டையாக இருந்தது. சும்மா தேய்ந்த உருண்டை இல்லை. எண்ணெய் துடைத்த இடத்தில் வெள்ளை வெளேரென்று இரும்பு மின்னியது, குறுக்கே மெல்லிய கோடுகள் வேறு. துரு இரும்பைத் தின்னும், மின்ன வைக்காது. யாரோ அரம் வைத்து ராவி, தெரியாமல் இருக்க மேலே எண்ணெயைத் தடவியிருக்கிறார்கள்.

"இன்னாடா இது?" என்றேன்.

சவரிநாதன் விரலால் தடவிப் பார்த்தான். அவன் முகம் செத்துவிட்டது. "மச்சான்..." என்றான். நட்டை மறுபடி தடவிக்கொண்டே, "பேரு எழுதிக் குடுத்ததே நான்தானே" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளை விட்டுவிட்டு அருள்பிரகாசத்தைத் தேடிப் போயிருப்பேன். அவன் என் கையைப் பிடித்தான். "சீட்ட கழட்டு தேசப்பா. மொதல்ல அத கழட்டு."

பிடிக்க மூலை இல்லாத நட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஹாக்ஸா பிளேடால் ஒரு பக்கத்து நட்டை நீளவாக்கில், போல்ட்டின் மரை தொடும்வரை அறுத்தேன். அடியில் பெரிய சுத்தியை முட்டுக் கொடுத்து அவன் பிடித்துக்கொண்டான். அறுத்த வெட்டில் உளியை வைத்து ஓங்கி நாலு அடி. நட்டு வாயைப் பிளந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு போல்ட்டை மறுபக்கமாகத் தட்டினால், வரவில்லை. உளி பட்டு முனை விரிந்திருந்தது. அதை ராவினால்தான் ஓட்டைக்குள் நுழையும். என் அரம் பல் தேய்ந்து மொட்டை.

"நம்ம வூட்ல கீது, கொண்டாறேன்" என்று நொண்டிக்கொண்டு போனான்.

சவரிநாதன் சின்ன வயதில் ஒரு பட்டறையில் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்தவன். அவனிடம் ஒரு கருவிப் பெட்டி உண்டு. பதினாலு வருடமாக அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அரத்தை உபயோகித்ததும் பல்லெல்லாம் துடைத்து, சாக்பீஸ் தேய்த்து வெள்ளையாக்கித்தான் பெட்டியில் வைப்பான். அப்போதுதான் இரும்புத்தூள் பல்லில் ஒட்டாது. அடிபட்டதிலிருந்து அவன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

திரும்பி வந்தவன் அரத்தை என்னிடம் நீட்டினான். அதில் வெள்ளை இல்லை. பல்லுக்குப் பல் கறுப்பாக எண்ணெய், எண்ணெய்க்குள் மினுக்கென்று இரும்புத்தூள். மூக்கருகே கொண்டு போனேன். மீன் நாற்றம்.

பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி ஐரீனின் இடுப்பில்.

அவள் அவன் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். கடைக்கு வெளியே நின்றாள். சவரிநாதன் அவளைக் கேள்வி கேட்கவே இல்லை. அவளாகத்தான் பேசினாள்.

"நான்தான் ராவுனேன். தம்பி வந்து அழுதான். அவனுக்கு மூணு கீது. நமக்கு யாரு கீறா? நீ வூட்டோட இரு, நான் மீன் வித்து சோறு போட்டுட்டுப் போறேன். உன்ன பட்டினியா வுட்டுடுவேனா?"

"சோறு போடுவ" என்றான் அவன். குரல் உயரவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பேனே, ஐரீன்."

அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். எனக்கு அவளைத் திட்ட நூறு வார்த்தை வந்தது, எதையும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவள் சொன்னதை நம்பி அவனைத் திருப்பி அனுப்பினவன் நான்தானே. என் கையில் அரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் அந்த அரத்தாலேயே போல்ட்டின் முனையை ராவினான். போல்ட்டு வெளியே வந்தது. கிளாம்பின் பல் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, கட்டை வைத்துத் தட்டிப் பிரித்தேன். சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்ட, கிறீச்சென்று குழாயை விட்டு வந்தது. துருவைத் தேய்த்து எடுத்து, கிரீஸ் தடவி, புது போல்ட்டும் நட்டும் போட்டேன். சீட்டைப் பின்னால் தள்ளி, மூக்கை இறக்கி, அவன் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க இறுக்கினேன். மாதா கோயில் வரை போய்த் திரும்பினான். வலது கால் கொஞ்சம் விறைப்பாக, ஆனால் முழுச் சுற்றும் சுற்றியது.

திங்கட்கிழமை ஓட்டிக் காட்டினான். வேலை கிடைத்தது. அருள்பிரகாசம் அன்று கேட்டருகே நின்றிருந்தானாம். இவன் மணியடித்து வழி கேட்டுப் போனானாம், யாரோ தெரியாத ஆளிடம் கேட்பது போல.

ஐரீனை அவன் அடிக்கவில்லை, விரட்டவில்லை. அவள் கட்டிக் கொடுத்த சோற்றைத்தான் தினமும் கொண்டு போனான். ஞாயிறு பூசைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். சந்தில் யாருக்கும் எதுவும் தெரியாது.

முதல் சம்பளம் வாங்கின மறுநாள் காலை, கேரியரில் அந்தக் கருவிப் பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். இறக்கி, என் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். புதுப் பூட்டு போட்டிருந்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இங்கியே இருக்கட்டும் தேசப்பா" என்றான். "வூட்ல வைக்க எடமில்ல."