மலை இறங்கியும் தீராத வாந்தி

வெங்கடலட்சுமி அக்கா நகரியில் எங்கள் பக்கத்து வீடு, விசைத்தறியில் வேலை. மகள் தரணிக்கு மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாயைத் தோலுக்கடியில் வைத்திருந்தார்கள்.

அக்காவின் கணவர் சந்திரசேகர் சென்னைக் கம்பெனியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எல்லோரும் திருமலை போனோம். காலையிலேயே தரணி தலைவலி என்றாள். இறங்கும் பேருந்தில் வாந்தி எடுத்தாள்.

"மலை வளைவுல எல்லாப் புள்ளயுந்தான் கக்கும்" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினார் சந்திரசேகர்.

அடிவாரத்தில் மற்ற பிள்ளைகள் தெளிந்து ஓடினார்கள். தரணி மறுபடி வாந்தி எடுத்து, அக்காவின் தோளில் துவண்டாள். கூப்பிட்டால் கண் திறந்து உடனே மூடிக்கொண்டாள்.

"அலுப்புல தூங்கிக்கினு கீறா. வூட்டுக்குப் போலாம்" என்றார் அவர்.

"வளைவு முடிஞ்சிபோச்சி, இவளுக்கு முடியலியே! தலவலியோட வாந்தி, மயக்கம் வந்தா கொயாய் அடச்சிருக்கும், உடனே வாங்கன்னு டாக்டரு சொன்னாருய்யா. ஆட்டோவப் புடி!" என்றாள் அக்கா.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் அடைத்திருந்தது. அன்றே ஆபரேஷன் செய்து மாற்றினார்கள்.

மறுநாள் தரணி தெளிவாக விழித்தாள். "நைனா, ஏன் அழுவுற?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"உங்கம்மா திட்டிட்டா, கண்ணு."

"இன்னும் திட்டவே இல்ல. வூட்டுக்கு வா, வச்சிக்கிறேன்" என்று அக்கா அவர் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள்.