இரண்டு தடவை கழித்த கமிஷன்

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய பிறகு, பங்குக் கணக்கு என் தலையில் விழுந்தது. பங்கெல்லாம் என் பேரில்தான் வாங்கியிருந்தார். நான் கையெழுத்துப் போட்டதோடு சரி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். கூட்டல் கழித்தல் வரும், ஆனால் நாலு பேர் முன்னால் பேச வாய் வராது.

அவர் தன் தங்கைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு ஆபரேஷன் செய்தபோது அவள் தன் வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தாள். திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. அதனால், "பங்குல லாபம் வந்தா பாதி உனக்கு, நட்டம் வந்தா என்னோட போகட்டும்" என்றார். பங்கில் போட்ட முதல் அவருடைய ஓய்வுப் பணம்.

மலைமேல் திரிங்காப்பில் குத்தகை நிலத்தில் பூப் பயிர் போடும் அந்த நாத்தனார் போன மழையில் பிளாஸ்டிக் கூரையெல்லாம் கிழிந்துபோய் என்னிடம் வந்தாள். கொஞ்சம் விற்கச் சொன்னாள். புரோக்கருக்குப் போன் போட்டு, நாலாயிரம் பங்கில் மூவாயிரத்தை விற்றேன். விலை 2 வெள்ளி 20 காசு.

பங்கு வாங்கியபோது புரோக்கர் அனுப்பிய ரசீது, காண்ட்ராக்ட் நோட், மூன்றும் பிஸ்கட் டின்னில் இருந்தன. ஆயிரம் பங்கு 2 வெள்ளிக்கு, இரண்டாயிரம் 1.50க்கு, கடைசியில் ஆயிரம் 1.80க்கு. ஒவ்வொரு நோட்டிலும் கமிஷன் 40 வெள்ளி, முத்திரை வரி, கிளியரிங் கட்டணம் என்று தனித்தனி வரி, அடியில் மொத்தம். மூன்று மொத்தத்தையும் எடுத்துக்கொண்டேன். கமிஷன் தனியாக எழுதியிருக்கிறதே என்று ஒவ்வொன்றோடும் 40 சேர்த்தேன். ஒரே கம்பெனிப் பங்கை வேறு வேறு விலைக்கு வாங்கியதால், எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்ப்பது அவர் வழக்கம். நானும் அப்படியே கூட்டி, விற்றது நாலில் மூன்று என்பதால் கூட்டுத்தொகையில் முக்காலை அதன் அடக்கமாக எடுத்தேன்: 5286.78. விற்ற நோட்டின் அடியில் இருந்த 6551.02லிருந்தும் 40 கழித்தேன். லாபம் 1224.24 என்று வந்தது. பாதி 612.12.

பணத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு திரிங்காப் போனேன். நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே தாளைப் பார்த்தாள்.

"கமிஷன் நல்லா கொழுத்திருக்கு லா அண்ணி. புரோக்கர் ஓட்டுறதுக்குப் புதுசா காடி வாங்கிட்டாரா?"

"நோட்டுல உள்ளதத்தான் எழுதியிருக்கேன்மா."

"எனக்கு என்ன தெரியும். நீங்க சொல்றதுதான்."

அந்தக் கிண்டல் என்னை உறுத்தியது. வீட்டுக்கு வந்து பேங்க் புத்தகத்தை எடுத்தேன். முதல் நோட்டின் மொத்தம் 2042.60. பேங்கிலிருந்து போனதும் அதே 2042.60தான். 2000க்கு மேலே உள்ள 42.60க்குள் கமிஷன் ஏற்கெனவே இருந்தது. மற்ற இரண்டிலும் அப்படித்தான். விற்ற நோட்டில் கமிஷனைக் கழித்துவிட்டுத்தான் மொத்தம் போட்டிருந்தார்கள். நான் இரண்டாம் தடவை கழித்திருந்தேன். சரியான அடக்கம் 5196.78, லாபம் 1354.24. அவளுக்கு 677.12 போயிருக்க வேண்டும். 65 வெள்ளி குறைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பேங்க் புத்தகத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டி, என் தப்பு என்று சொன்னேன். அவள் 65 வெள்ளியை வாங்கிக்கொண்டாள். ஒரு கட்டுப் பூவை ரப்பர் பேண்டால் கட்டினாள்.

"அண்ணே பாத்த கணக்கு எப்புடி அண்ணி? அதுலயும் ரெண்டு தடவையா?"

"அவரு அப்புடிப் பண்ண மாட்டாரு."

"நீங்களும் பண்ண மாட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

அவர் எழுதிய பழைய கணக்கு ஒன்றுகூட வீட்டில் இல்லை; ஒவ்வொரு தடவையும் அவள் பாதியைக் கொடுத்தவுடன் தாளைக் கிழித்துப்போடுவார். தங்கையிடம் தாள் எதற்கு என்பார். செத்தவருக்கு நான் சாட்சி சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நான் சும்மா இருந்திருந்தால் அவள் 65 வெள்ளிதான் இழந்திருப்பாள்; இப்போது அண்ணன் மேலிருந்த நம்பிக்கையும் போனது.

"மிச்சத்தையும் வித்துடுங்க, முடிச்சிக்கலாம்" என்றாள்.

விற்றேன். அதற்குள் விலை 1.70க்கு இறங்கிவிட்டது. செலவு போகக் கைக்கு வந்தது 1657.49. அந்த ஆயிரத்தின் அடக்கம் 1732.26. நட்டம் 74.77. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். வாக்குப்படி நட்டம் எங்களுடையது, அவளுக்கு ஒன்றும் கிடையாது.

நோட்டு எல்லாவற்றையும் அவள் முன்னால் விரித்தேன். அவள் குனிந்து பார்க்கவில்லை.

"நட்டமா. சரி அண்ணி. லோரி வந்துரும், நான் பூவ ஏத்தணும்."

கணக்கு சரிதான். அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பஸ்ஸுக்கு நின்றேன். பொங்கலுக்கு அவள் வரவில்லை.