ஈர முடிச்சு

செல்லிப்பட்டு மஞ்சுளாவிடம் யாராவது "மறந்துடு" என்று சொன்னால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். புயல் மழையில் ஆற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது, கொட்டகையில் கட்டியிருந்த அவளுடைய செவலைப் பசு கட்டிய கயிற்றோடு மூழ்கிச் செத்தது. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அதே கனவு: பசு கத்தும், ஈர முடிச்சு அவிழாது, அவளுக்குக் குரலே வராது. படுக்கவே பயந்தாள்.

"போய் மந்திரிச்சிக்கினு வா" என்றான் புருஷன் அருள்முருகன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நர்ஸ் ஜெசிந்தா மேரி மறக்கச் சொல்லவில்லை. "பகல்ல உக்காந்து அந்தக் கனவோட முடிவை உங்க இஷ்டத்துக்கு மாத்துங்க. தினமும் கொஞ்ச நேரம் அதையே மனசுல ஓட்டிப் பாருங்க. ராத்திரி சின்ன லைட்டு எரியட்டும். பதறி எழுந்தா காலைத் தரையில ஊனி, இது நம்ம வூடுன்னு சுத்திப் பாருங்க."

"இன்னாம்மா, வெளையாடுறியா? செத்த மாடு திரும்பி வருமா?" என்று சீறினாள் மஞ்சுளா.

"வராதுக்கா. தூக்கம் வரும்."

கோபம் தணியாமலே தினமும் காலிக் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். மனசுக்குள் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். வெள்ளத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பசு மேட்டில் ஏறியது. போகப் போகக் கனவு குறைந்தது. ஒரு நாள் மறுபடி வந்தபோது, அவள் கையில் அரிவாள் இருந்தது.

காலையில் அதைப் புருஷனிடம் சொன்னாள். "கனவுதானே" என்று அவன் சிரித்தான்.

"அன்னிக்கு நீ பைக்கைக் காப்பாத்த ஓடாம எங்கூட கொட்டகைக்கு வந்திருந்தா, நான் ஏன்யா கனவுல அறுக்கணும்?"