பொன்னுக்கு வீங்கி அல்ல

எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவு டாக்டரோடு வேலை பார்ப்பது பொறுமைக்கு வைத்த பரீட்சை. எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. காரைக்காலில் இத்தனை வருஷம் நர்ஸாக இருந்து, கத்திக் கத்தியே வரிசையை ஒழுங்கு செய்து பழகியவள் நான். அவர் ஒரு நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்க ஆரம்பித்தால், அவர் பார்த்து முடிப்பதற்குள் பல் விழுந்து புதுப்பல் முளைத்துவிடும் என்று மருந்தகத்துப் பெண்ணிடம் சொல்லிச் சிரிப்பேன். வெளியே வரிசை மாடிப்படி வரை நிற்கும். திட்டு எல்லாம் எனக்குத்தான் விழும்.

அன்றைக்கும் அப்படித்தான் வரிசை நின்றது. காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் தங்கள் பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். தாடைக்குக் கீழே கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தலையும் தோளும் ஒன்றாகிவிட்டது போல இருந்தது. அந்த வீங்கிய கழுத்தில் கனமான ஒரு தங்கச் சங்கிலி. தலைமாட்டில் வைத்திருந்த வேப்பிலை இரண்டு இன்னும் சடையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொன்னுக்கு வீங்கி சிஸ்டர்" என்றார் அம்மா. "தங்கம் போட்டா வத்திடும்னு என் தங்கச்சி செயினை வாங்கிப் போட்டேன். அம்மன் வெளையாட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவக்கூடாதுன்னுட்டாங்க. காய்ச்சலும் ரொம்ப இல்ல. ஆனா கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது, அதான் மனசு கேக்கல."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கன்னம் வீங்கினால் நகை போடுவார்கள், மஞ்சள் பத்துப் போடுவார்கள், வேப்பிலை வைப்பார்கள். பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். பேர் தங்கத்துக்குப் போய்ச் சேரும். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரும் அப்படித்தான் எழுதி, ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்.

எங்கள் டாக்டர் வழக்கம் போல அவசரமே இல்லாமல் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பொன்னுக்கு வீங்கியில் வீங்குகிற இடமான காதுக்கு முன்னால் தொட்டார், அங்கே வீக்கம் இல்லை. பிறகு டார்ச் கேட்டார். பெண் வாயைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. அழுகலோடு லேசான இனிப்பும் கலந்த மாதிரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திருப்பவில்லை.

"சிஸ்டர், இங்க வந்து பாருங்க" என்றார்.

இரண்டு பக்கத்து டான்சிலையும் மூடி, உள்நாக்கைத் தாண்டி அண்ணம் வரை சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படர்ந்திருந்தது. மழையில் ஊறிய பழைய தோல் செருப்பு மாதிரி தடித்து, ஓரம் சுருண்டு. சாதாரணத் தொண்டைப் புண்ணில் வருகிற வெள்ளைப் புள்ளிகளைத் துடைத்தால் வந்துவிடும். நான் பஞ்சை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"தொடாதீங்க. இது சதையோட ஒட்டியிருக்கு. பிய்ச்சா ரத்தம் கொட்டும். பிஞ்ச துண்டு கீழ எறங்குனா மூச்சுக்குழாயை அடைச்சிடும்."

தானே ஒரு மெல்லிய குச்சியால் படலத்தின் ஓரத்துக்கு அடியிலிருந்து மாதிரி எடுத்தார். அவ்வளவு மெதுவாக எடுத்தும் ஊசி முனை அளவுக்கு ரத்தம் துளிர்த்தது. என்னை வெளியே அழைத்துப் போய், "தொண்டை அடைப்பான்" என்றார். டிப்தீரியா. பாடத்தில் படித்ததோடு சரி, என் சர்வீஸில் நான் கண்ணால் பார்த்ததில்லை. அவரே மாணவராக இருந்தபோது ஒரே ஒரு தடவை பார்த்தாராம்.

அதற்குப் பிறகு நான் பார்த்த மனிதர் வேறு. தனி அறை, எல்லோருக்கும் மாஸ்க், பெனிசிலின் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பெனிசிலின் கிருமியைத்தான் கொல்லும். அது ஏற்கெனவே கக்கிய நஞ்சை ஒன்றும் செய்யாது. நஞ்சுக்கு முறிமருந்து வேண்டும். அது எங்களிடம் இல்லை. நோய் அரிதாகிவிட்டதால் மருந்தும் அரிதாகிவிட்டது. வார்டில் ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசாத மனுஷன், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சண்டை போட்டார். பரிசோதனை முடிவு வரட்டுமே என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "முடிவு வர்ற வரைக்கும் விஷம் காத்திருக்குமா?" என்று அவர் கத்தினது நடைபாதை முழுக்கக் கேட்டது. கடைசியில் புதுச்சேரியில் இருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்து வண்டியில் அனுப்புகிறோம் என்றார்கள்.

பெண்ணின் அப்பா, கடலுக்குப் போகிற மனுஷர், சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அந்த மருந்து வந்துட்டா சரியாயிடுங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் அவர் பக்கத்தில் போய் நின்று சொன்னார். "விஷம் ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்கிற வரைக்கும்தாங்க அந்த மருந்து அதைப் பிடிக்கும். இதயத்துலயோ நரம்புலயோ போய் ஒட்டிக்கிட்டா, அப்புறம் எடுக்க முடியாது. அதான் ஓடுறேன். இன்னொண்ணு, அதுக்கு முன்னாடி மூச்சு அடைக்காம பார்த்துக்கணும்."

மூச்சு மத்தியானமே தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் குரல் கம்மியது. பிறகு மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஒரு கீச்சுச் சத்தம். முன்னால் குனிந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. சங்கிலியை நான் எப்போதோ கழற்றி அம்மா கையில் கொடுத்திருந்தேன்.

உதடு நீலமாகும் வரை டாக்டர் காத்திருக்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டால் படலம் பெயர்ந்து அடைத்துவிடக்கூடும் என்பதில் அவரும் மயக்க மருந்து டாக்டரும் ஒன்றாக இருந்தார்கள். கழுத்தில், அடைப்புக்குக் கீழே துளையிட்டு நேராக மூச்சுக்குழாயில் குழாய் வைப்பது என்று முடிவானது.

"கழுத்தையா அறுக்கப் போறீங்க?" என்று அம்மா கதறினார்.

டாக்டர் பெண்ணின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் அவளிடமே சொன்னார். "முழுசா மயக்கம் குடுக்க முடியாதும்மா. மரத்துப்போற ஊசி போடுறேன், வலி தெரியாது. படுக்கும்போது மூச்சு இன்னும் கஷ்டமா இருக்கும். கொஞ்ச நேரந்தான். அசையக் கூடாது. அப்புறம் கொஞ்ச நாளைக்குப் பேச்சு வராது. ஆனா திரும்ப வரும். சரியா?" அவள் தலையாட்டினாள். பெரியவர்கள் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கலங்கிக்கொண்டிருந்தபோது, அந்த அறையில் தைரியமாக இருந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

ஆபரேஷன் மேஜையில் அவள் தலையை நான் பிடித்திருந்தேன். அவள் கண் என் கண்ணை விடவே இல்லை. வீங்கிய கழுத்தில் அடையாளம் எதுவும் கைக்குத் தட்டுப்படாது. விரலால் தேடித் தேடித்தான் போக வேண்டும். அந்த இடத்தில்தான் எனக்கு அவருடைய நிதானத்தின் அருமை புரிந்தது. வெளியே நான் கேலி செய்த அதே மெதுவான கை, உள்ளே ஒரு மயிரிழை பிசகாமல் போனது. உஸ்ஸென்று காற்று வந்தது. இருமினாள். குழாய் உட்கார்ந்தது. பிடித்திருந்த தலை என் உள்ளங்கையில் மெல்லக் கனத்தது. அதுவரை அவள் அதைத் தூக்கி வைத்திருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாஸ்க்குக்குள் அழுதேன்.

சாயங்காலம் ஐஸ் பெட்டி வந்தது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து என்பதால் சிலருக்கு ஒவ்வாது. முதலில் துளியளவு போட்டு, அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றினோம்.

மருந்து ஏறியதும் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். நோய் அப்படி நினைக்கவில்லை. படலம் தானாகவே தளர்ந்து வந்தது, கழுத்து வற்றியது. அதற்கப்புறம்தான் அவள் நாடி தடுமாறியது. மருந்து வருவதற்கு முன்பே கொஞ்சம் நஞ்சு இதயத்தில் ஒட்டியிருந்தது. தினமும் ஈசிஜி. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, பாத்ரூமுக்குக்கூட. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. அண்ணத்து நரம்பும் அடி வாங்கியிருந்தது. டாக்டர் காலையில் வந்ததும் முதலில் அவள் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். அவர் முகத்தை அம்மா பார்ப்பார். அம்மா முகத்தை நான் பார்ப்பேன்.

இதற்கு நடுவில் இன்னொரு வேலை, யார் யாருக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது. கைக்குழந்தையில் போட வேண்டிய ஊசியெல்லாம் அவளுக்குப் போட்டிருந்தது. ஐந்து வயதில் போடுவது விட்டுப்போனது. பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் போட வந்த அன்று, மறுநாள் ஆண்டு விழாவில் ஆட வேண்டும், கை வலிக்கும் என்று வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். வார்டில் எங்களையும் டாக்டர் விடவில்லை. "நீங்க கடைசியா எப்ப போட்டீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பெண்களுக்குக் கர்ப்பத்தில் போட்டது. ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள்.

அவளோடு பழகினவர்கள் எல்லோருக்கும் தொண்டையில் மாதிரி எடுத்து, மாத்திரை கொடுத்து, ஊசி போடக் காரைக்கால்மேட்டுக்குச் சுகாதாரக் குழுவோடு நானும் போனேன். புயல் எச்சரிக்கைக்கு அசையாத ஆண்கள் ஊசியைக் கண்டதும் வலைக்குவியலுக்குப் பின்னால் பதுங்கினார்கள். "நாங்க என்ன பச்சப்புள்ளைங்களா?" என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கு லீவு நாள். ஆனாலும் டாக்டர் வந்திருந்தார். மீன் ஏலம் முடிந்த கொட்டகையில், ஈரத் தரையில் நின்றபடி பேசினார்.

"படகுக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிச்சா ஆயுசுக்கும் நிக்குதா? உப்புத் தண்ணியில தேயுதில்ல? சின்ன வயசுல போட்ட ஊசியும் அப்படித்தான். வருஷம் போகப் போகத் தேயும். திரும்பப் போடணும். உங்க தொண்டையில கிருமி சும்மா உக்காந்திருக்கும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஊசி விட்டுப்போன ஒரு புள்ளை பக்கத்துல நீங்க இருமினா போதும்."

முதலில் சட்டைக் கையைச் சுருட்டியது பெண்ணின் அப்பா. பின்னால் தெருவே வந்தது. வரிசையை ஒழுங்கு செய்ய நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தினதே இல்லை.

நாடி ஒழுங்காகி, குழாயும் எடுத்து, கழுத்துத் துளை மூடி, வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. டாக்டர் ஊசியை எடுத்துவரச் சொன்னார். அம்மா திகைத்துப்போனார். "நோவே வந்து போயிடுச்சே டாக்டர், இன்னும் எதுக்கு?"

"இந்த நோய் வந்துட்டுப் போனா மறுபடி வராதுன்னு நம்ப முடியாதுங்க. ஊசிதான் நம்பிக்கை."

பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. யார் யார் போட்டுக்கொண்டார்கள் என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா சொல்லிக்கொண்டே போனார்: அப்பா, சித்தி, சித்தி பிள்ளைகள், அவள் வகுப்பு முழுக்க, படகில் அப்பாவோடு போகிறவர்கள், எதிர்வீடு, பக்கத்து வீடு. அவள் கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள்.

"ஊரே போட்டுக்கிட்டப்புறம் கடைசியாதான் எனக்கா?" என்றாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் பஞ்சை என்னிடமிருந்து வாங்கி, அவள் கையைத் தானே துடைத்தார்.