எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அக்கா

புனிதா மேருவில் பிறந்து, கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவள். பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவளாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைத் தமிழாக்கத் தொடங்கினாள். அது பிடித்துப்போயிற்று. கதை, கட்டுரை என்றால் வாசகருக்குப் புரியாத இடத்தை அவர் தாண்டிப் போய்விடலாம். மருந்துத் தாளில் அப்படித் தாண்ட முடியாது. அந்தப் பொறுப்புதான் அவளை அந்த வேலையோடு கட்டிப்போட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடை ஒன்றின் மாடியில் தாய்சேய் கிளினிக் நடத்தும் டாக்டர் ஷாமினி, பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஒரு தாளில் அறிவுரைகள் வேண்டும் என்று அவளை அழைத்திருந்தார். டாக்டருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

“புனிதா, ஒரு பிரச்சினை. இங்க வர்ற தமிழ் அம்மாக்கள் ஒரே மாதிரி இல்ல. இங்கேயே பிறந்து வளர்ந்த நம்ம ஆளுங்க பாதி. புருஷன் ஐ.டி. வேலைக்கு வந்து கூட வந்த தமிழ்நாட்டுக்காரங்க கொஞ்சம். அப்புறம் சிலோன்லேருந்து வந்தவங்க. மூணு தாளா போட்டுரலாமா?”

“வேணாம் டாக்டர். கவுண்டர்ல இருக்கறவங்க ஆளைப் பார்த்து எந்தத் தாள்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? மாத்திக் குடுத்துட்டா இன்னும் மோசம். ஒண்ணே போடுவோம். மூணு பேருக்கும் புரியற மாதிரி எழுதிப் பார்க்கறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டில் உட்கார்ந்தபோது ஒவ்வொரு சொல்லும் முரண்டு பிடித்தது. பிறந்த குழந்தையின் உடம்பு மஞ்சளாவதை இங்கேயும் தமிழ்நாட்டிலும் மஞ்சள் காமாலை என்பார்கள். இலங்கையில் பலர் வாயில் அது செங்கமாரி. இங்கே மாத்திரை, அங்கே குளிசை. இலங்கையில் வைத்தியர் என்றால் ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர். இங்கே வைத்தியரிடம் போங்கள் என்று எழுதினால் பக்கத்துக் கேரி தீவுப் பெண் நாட்டு மருந்து தருபவரைத் தேடிப் போய்விடுவாள். அங்கே ஆஸ்பத்திரி வார்டை விடுதி என்பார்கள். தமிழ்நாட்டுக்காரிக்கு விடுதி என்றால் தங்கும் இடம்.

மூவருக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தால் அதை எடுத்தாள். டாக்டர், ஆஸ்பத்திரி, வார்டு என்பவை அப்படி வந்தவை. பொதுச் சொல் கிடைக்காத இடத்தில், அதுவும் ஆபத்தான விஷயமாக இருந்தால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாள்: மஞ்சள் காமாலை அல்லது செங்கமாரி. எல்லாச் சொல்லுக்கும் அப்படிச் செய்தால் தாள் அகராதியாகிவிடும் என்பதால் அதில் கஞ்சத்தனம் பார்த்தாள்.

அவள் நெடுநேரம் யோசித்த வரி ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற பிறகு சில தாய்மாரைப் பிடித்துக்கொள்ளும் மனநோயைப் பற்றியது. மனச்சோர்வு என்பது சரியான சொல்தான். ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த சொல்லைப் போலத் தள்ளி நின்றது. ‘இரண்டு வாரத்துக்குப் பிறகும் வருத்தமாகவே இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்’ என்று எழுதினாள். எளிய சொல், யாரையும் பயமுறுத்தாது. எழுதி முடித்ததும் மனதுக்கு நிறைவாக இருந்தது.

அடுத்து தாள் திருச்செல்வத்திடம் போனது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆங்கில மூலத்தைப் பார்க்காமலே தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கித் தருவது அவர் வேலை. அதை மூலத்தோடு ஒப்பிட்டால் அர்த்தம் எங்கே பிசகியது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். எல்லாம் பொருந்தியிருந்தது. வருத்தத்தை அவர் சோகம் என்ற பொருளிலேயே ஆங்கிலமாக்கியிருந்தார். டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டார்.

திருச்செல்வத்துக்கு வேறொரு குறை. போனில் கூப்பிட்டார்.

“ஏம்மா, மருத்துவமனைன்னு அழகான சொல் இருக்கறப்ப ஆஸ்பத்திரி என்னத்துக்கு? நாமளே இப்படி எழுதினா பிள்ளைங்க எங்கே போய்த் தமிழ் படிக்கும்?”

“ஐயா, நீங்க சொல்றது நியாயம். ஆனா சிலோன்ல அதுக்கு வைத்தியசாலைன்னு எழுதுவாங்க. நான் ஒண்ணை எடுத்தா இன்னொருத்தருக்கு அந்நியம். ஆஸ்பத்திரின்னா மூணு பேருமே சொல்றது.”

அவர் பாதி இறங்கி வந்தார். “சரி, தலைப்புலயாவது மருத்துவமனைன்னு வைம்மா. உள்ளே உன் இஷ்டம்.”

தலைப்பைப் படித்து யாரும் மருந்து சாப்பிடப் போவதில்லை. அவள் சம்மதித்தாள்.

கடைசிப் படி, தாள் யாருக்காகவோ அவர்களிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வது. புரிகிறதா என்று கேட்கக் கூடாது; கேட்டால் எல்லோரும் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். படித்ததை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். புனிதா காலையில் கொமுட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கிளினிக்குக்கு நடந்தாள். தடுப்பூசி நாள். மாடிப்படி முழுக்கக் குழந்தைகளின் அழுகை.

முதலில் கேரி தீவு மலர். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே படித்தாள். எல்லாம் சரளமாகச் சொன்னாள். “செங்கமாரி எனக்குத் தெரியாதுக்கா. பக்கத்திலேயே மஞ்சக்காமாலைன்னு போட்டிருக்கு, ஓகே லா.” அடுத்து காரைக்குடி மெய்யம்மை. அவளுக்கும் தடையில்லை.

மூன்றாவதாக சுகந்தினி வந்தாள். முல்லைத்தீவிலிருந்து கணவனோடு வந்து, அடுக்குமாடி ஒன்றில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள். சுத்தமாக உடுத்தி, தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். குழந்தை மடியில் தூங்கியது. தாளை ஒரு சொல் விடாமல் படித்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வரிக்கு வந்தாள்.

“ரெண்டு கிழமைக்குப் பிறகும் வருத்தமா இருந்தால் சொல்லச் சொல்லியிருக்கு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அக்கா. காய்ச்சலும் இல்லை, தடிமன் இருமலும் இல்லை. தையல் போட்ட புண்ணும் ஆறீட்டுது.”

புனிதா தலையாட்டி அடுத்த வரிக்குப் போகப் பார்த்தாள். சட்டென்று பேனா நின்றது. காய்ச்சல், தடிமன், தையல்?

“வருத்தம்னா என்னம்மா? உங்க ஊர்ல எதைச் சொல்வீங்க?”

“வருத்தம் எண்டால் நோய்தானே அக்கா. சுகமில்லாமல் இருக்கிறது.”

புனிதா அந்த வரியைச் சுற்றி வட்டமிட்டாள். இலங்கைத் தமிழில் வருத்தம் என்பதற்கு இப்படி ஒரு பொருள் உண்டென்று எங்கோ படித்திருக்கிறாள். செங்கமாரியையும் குளிசையையும் தேடிப் பிடித்தவளுக்கு, கண்ணெதிரே கிடந்த இந்தச் சொல்லைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. தெரியாத சொல்லிடம் காட்டிய எச்சரிக்கை தெரிந்த சொல்லிடம் இல்லை. திருச்செல்வத்துக்கும் இது பிடிபட்டிருக்க முடியாது. அவரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்.

“அப்போ மனசு சரியில்லாம, எப்பவும் அழுகையா வந்தா, அதை எப்படிச் சொல்வீங்க?”

சுகந்தினி குழந்தையின் காலுறையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது அது.

“அது கவலை, அக்கா.”

“அந்தக் கவலை உங்களுக்கு இருக்கா?”

சுகந்தினி குரலைத் தாழ்த்தினாள்.

“இவர் வேலைக்குப் போனால் கதவைப் பூட்டிப்போட்டு இருந்து அழுவன். ஏன் எண்டு தெரியேல்லை. சாப்பாடு இறங்குதில்லை. பிள்ளை அழேக்க எழும்பித் தூக்க மனம் வருதில்லை அக்கா. நான் பெத்த பிள்ளை. அம்மாவுக்குச் சொன்னால் அங்க இருந்து ஏங்கிப்போவா. அதாலே ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“எத்தனை நாளா?”

“பிள்ளை பிறந்ததில இருந்து.”

அவளுடைய குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. இதற்கு முன் கிளினிக்குக்கு வந்த ஒவ்வொரு முறையும், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டவர்களிடம் ஒரு வருத்தமும் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள். அவர்களும் அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

புனிதா தாளை மூடி வைத்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். தான் டாக்டர் இல்லை என்பது நினைவிருந்தது. “சுகந்தினி, இதுவும் உடம்புக்கு வர்ற மாதிரி ஒண்ணுதான். இதுக்கு வழி இருக்கு. டாக்டரை இப்பவே கூப்பிடட்டுமா? நீங்க சரின்னா மட்டும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓம்” என்றாள். “நீங்களும் இருங்கோ.”

டாக்டர் ஷாமினி வெளியே இருந்த வரிசையைத் தாதியிடம் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினார். புனிதா ஒரு பக்கமாக உட்கார்ந்து, இருவருக்கும் நடுவே சொற்களை எடுத்துக் கொடுத்தாள். உயிரை விடும் எண்ணம் வந்ததா, பிள்ளைக்குத் தீங்கு செய்யத் தோன்றியதா என்றும் டாக்டர் நேராகவே கேட்டார். இல்லை என்றாள் சுகந்தினி; அந்தக் கேள்வி அவளைக் கலங்கடிக்கவில்லை, ஒருவராவது கேட்டார்களே என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று. பால் கொடுக்கும் தாய் சாப்பிடக்கூடிய மாத்திரை, வாரம் ஒருமுறை பேச ஓர் ஆலோசகர். அவள் அனுமதியோடு, அவளைக் கூட்டிப்போக வந்த கணவனிடமும் விஷயம் சொல்லப்பட்டது. அவன் நம்பாத மாதிரி பார்த்துவிட்டு, பிறகு பிள்ளையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டான்.

புனிதாவுக்கு அந்த வரி பாக்கி இருந்தது. வருத்தத்துக்குப் பதில் கவலை என்று போட்டு, இன்னும் போகாமல் காத்திருந்த மெய்யம்மையிடம் காட்டினாள்.

“கவலையாக்கா? ஊர்ல மாமனாருக்கு ஆபரேஷன். அதை நெனச்சா கவலைதான். அதுக்கெல்லாமா இங்க வந்து சொல்வாங்க?”

துக்கம் என்று போட்டால்? பக்கத்து நாற்காலியில் இருந்த மலர் முகத்தைச் சுளித்தாள். “ஐயோ, சாவு வீடு மாதிரி இருக்கு லா.”

ஆக, ஒற்றைச் சொல்லால் ஆகாது. ரயிலில் திரும்பும்போது புனிதா பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்த நோய் ஒருத்தியை என்ன செய்கிறதோ அதை எழுதினாள். ‘குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் மனம் சரியில்லையா? காரணம் தெரியாமல் அழுகை வருகிறதா? சாப்பிடவும் தூங்கவும் முடியவில்லையா? பிள்ளையைத் தூக்க மனம் வரவில்லையா? உடனே எங்களிடம் சொல்லுங்கள். இதை மனச்சோர்வு என்பார்கள். இது உங்கள் தவறு இல்லை. குணப்படுத்தலாம்.’ அந்தச் சொல்லை அடியோடு எடுக்கவில்லை. நாளைக்கு டாக்டர் வாயில் அதைக் கேட்டால் அடையாளம் தெரிய வேண்டும். பிள்ளையைத் தூக்குவது பற்றிய கேள்வியை வைக்கலாமா என்று சுகந்தினியிடம் போனில் கேட்டுக்கொண்டாள். “வையுங்கோ அக்கா” என்றாள் அவள்.

அடுத்த தடுப்பூசி நாளில் புதிய தாய்மாரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த ஊர்க்காரி படித்தாலும் அர்த்தம் ஒன்றாகவே வந்தது. திருச்செல்வம் திரும்ப ஆங்கிலமாக்கி அனுப்பியபோது கூடவே ஒரு குரல் செய்தியும் போட்டிருந்தார். “முன்னாடி எழுதினதுல தமிழ் நல்லா இருந்துச்சும்மா. இதுல நீ சொன்ன அந்தப் பொண்ணு இருக்கா.”

தாள் அச்சாகி, பிறகு ஜெஞ்சாரோம் பக்கத்துக் கிளினிக்குகளும் கேட்டு வாங்கிக்கொண்டன. சுகந்தினி தேற மாதங்கள் பிடித்தன. நல்ல நாளும் வந்தது, விழுந்து படுத்த நாளும் வந்தது. பிள்ளைக்குச் சோறூட்டத் தொடங்கிய சமயத்தில் புனிதா அவளைப் பிரிக்ஃபீல்ட்ஸ் சந்தையில் தற்செயலாகப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் முருங்கைக்கீரைக் கட்டு.

“எப்படிம்மா இருக்கீங்க?”

“நல்லா இருக்கிறன் அக்கா. ரெண்டு கிழமையா இவன்தான் என்னை நித்திரை கொள்ள விடுறானில்லை” என்று சொல்லிச் சிரித்தாள். பிள்ளை கீரைக் கட்டிலிருந்து ஓர் இணுக்கைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டது. அவள் விரலை விட்டு அதை எடுத்தாள். பிள்ளை வீரிட்டு அழுதது. இடுப்பு மாற்றித் தூக்கிக்கொண்டு, மீன் கடைப் பக்கம் நடந்தாள்.