அம்மாவின் வாய்ப்புண்ணும் என் தெர்மாமீட்டரும்

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான். லாஸ்பேட்டையில் வேதியியல் படித்தேன். அதனால் மாத்திரை அட்டையிலிருந்து மின்சார ரசீதுவரை எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்தக் கோடையில் அம்மாவின் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. அம்மா தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். வாயைத் திறந்து கூவினால்தான் வியாபாரம். புண் வந்த பிறகு வெறுமனே கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துக் கடைக்காரி விடவில்லை. “இன்னாக்கா, மீனயே கூவிக்கச் சொல்லிட்டியா?”

“சூடுடி. உடம்பு பூரா சூடு” என்றாள் அம்மா.

அப்பாவுக்கும் அதே நேரத்தில் தொடையில் ஒரு கட்டி. ஆக, வீட்டுக்கே சூடு என்று முடிவாயிற்று. மீன் குழம்பு நின்றது. மோர், நுங்கு, ஊறவைத்த வெந்தயம், மணத்தக்காளிக் கீரை என்று மாறி மாறி வந்தன. ராத்திரி உள்ளங்காலில் விளக்கெண்ணெய்.

நான் தெர்மாமீட்டரை எடுத்து அம்மா நுங்கு சாப்பிடும் முன்பு ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை அவள் அக்குளில் வைத்துக் காட்டினேன். இரண்டு தடவையும் ஒரே அளவு.

“பாரும்மா, சூடே இல்ல.”

“அது மேல் சூட்டத்தான் காட்டும். உள் சூடு அதுக்கு இன்னாடி தெரியும்?”

எனக்குக் கோபம் வந்தது. சூடில்லை, வைட்டமின் குறைவு என்று நானே தீர்ப்புச் சொல்லி, மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கி வந்தேன். அம்மா மோரோடு அதையும் விழுங்கினாள். மோர் குடிக்கும்போது எரிச்சல் அடங்கியது. புண் மட்டும் அப்படியே இருந்தது.

மூன்று வாரம் ஆனது. அம்மாவுக்கு வெற்றிலையோடு ஒரு துண்டு போயிலை போடும் பழக்கம் உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை உடனே காட்ட வேண்டும் என்று போனில் படித்தேன். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் சொல்லவில்லை. பல்லைக் காட்டிவிட்டு வரலாம் என்று பொய் சொல்லி, ஸ்கூட்டரில் உட்கார வைத்து, அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் என் வயதுப் பெண். அம்மாவின் தாடைக்கு அடியில் தடவிப் பார்த்தார். நாக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு கையுறை விரலைப் பல் ஓரமாக ஓட்டி, சட்டென்று நிறுத்தினார்.

“இந்தப் பல்லு எப்பம்மா உடைஞ்சுது?”

அம்மா யோசித்தாள். “மாசி மாசம் நண்டுக்கால் கடிச்சப்ப ஒரு சில்லு போச்சு.”

“அந்த முனைதான் நாக்க அறுத்துக்கிட்டே இருக்கு. அதான் ஒரே எடத்துல ஆறாம கெடக்கு.”

“சூடு இல்லீங்களா? எங்க வூட்டுக்காரருக்கும் கட்டி வந்திருக்கு.”

“அது வேறம்மா. தோல்ல இருக்கற கிருமி முடி வேர்ல பூந்து சீழ் புடிக்கறது. வேர்வை, துணி உரசுறது எல்லாம் அதுக்குத் தோது. வூட்ல எல்லாருக்கும் ஒரே துண்டா?”

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரே துண்டுதான்.

“தனித்தனியா வச்சுக்குங்க. கட்டி திரும்பத் திரும்ப வந்தா சர்க்கரை பாத்துடுங்க. மோர், கீரை சாப்பிடுங்க, நல்லதுதான். வேர்த்துப் போன தண்ணி திரும்பக் கெடைக்கும், புண்ணுல காரம் படாது. ஆனா அது பல்லு முனையத் தேய்ச்சுடாது.”

என் பி காம்ப்ளெக்ஸைப் பற்றியும் கேட்டேன். “சிலருக்கு அந்தக் குறையாலயும் புண் வரும். இவங்க வாயத் தெறந்து பாத்தீங்களா?” என்றார். இல்லை. மூன்று வாரமாக ஒரு தடவைகூட டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. அம்மா சூடு என்றாள், நான் வைட்டமின் என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த வித்தியாசம்.

டாக்டர் கருவியால் அந்த முனையைத் தேய்த்து மழுங்கடித்தார். போயிலையை விடச் சொன்னார். “ரெண்டு வாரம் கழிச்சுக் கட்டாயம் வாங்க. ஆறலன்னா ஒரு துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்” என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மாவின் வாய்க்குள் டார்ச் அடித்தேன். ஐந்தாம் நாள் சிவப்பு வெளுத்தது. ஒன்பதாம் நாள் ஓரம் சுருங்கியிருந்தது. பன்னிரண்டாம் நாள் புண் இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. சொன்ன தேதியில் மறுபடி போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, போங்க” என்றார். படியில் இறங்கும்போதுதான் நான் பயந்த கதையை அம்மாவிடம் சொன்னேன்.

“தெரியும்டி. பல்லுக்குப் போறவ முகமா அது?” என்றாள்.

அப்பாவின் கட்டி வெந்நீர் ஒத்தடத்தில் உடைந்து ஆறியது. சர்க்கரையும் சரியாகத்தான் இருந்தது. கொடியில் இப்போது ஆளுக்கொரு துண்டு தொங்குகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மதியம் அம்மா காரமாக மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து விரலை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“கடசீல நான் சொன்னதுதான?”

“இன்னா சொன்ன?”

“நண்டு சூடுன்னு. அத தின்னதாலதான வந்துது?”

மறுநாள் மார்க்கெட் பக்கம் போனபோது தெரு முனையிலேயே அம்மா மீன் கூவும் குரல் கேட்டது.