கத்தரி அக்காவின் நான்கு மாத வசவுகள்

தையல்கடையில் முப்பது வருடம் துணி வெட்டியவளுக்குக் கத்தரி அக்கா என்று பெயர். கைக்காக வைத்தார்களா, வாய்க்காக வைத்தார்களா என்று யாரும் கேட்டதில்லை. கடையில் கூட்டாளி அவளுடைய சொந்தத் தங்கைதான்.

அக்கா நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய வெட்டுமேசை கடையில் இல்லை. தங்கை விற்றுவிட்டிருந்தாள். அன்றிலிருந்து அடுத்த நான்கு மாதமும் இஸ்திரி போடும்போதெல்லாம் அக்கா வசவுகளை ஒத்திகை பார்த்தாள். தங்கை துடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும்.

அக்கா தங்கைமேல் போட்ட வழக்கு நீதிமன்றத்தின் சமரச மையத்துக்குப் போனது. வட்ட மேசை, நடுவில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. சமரசர் கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இவ பச்சை துரோகி சார்! நான் சாகக் கிடந்தப்ப என் மேசையை வித்துத் தின்னுட்டா!"

"உங்களைக் கேக்காம மேசையைப் பத்தி முடிவு எடுத்துட்டாங்க. இந்த மாதிரி விஷயத்துல உங்களைக் கேக்கணும்ங்கிறது உங்களுக்கு முக்கியம். சரியா சொன்னேனா?"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்துப் பார்த்துத் தீட்டிய வசவு. மனுஷன் மொன்னையாக்கிவிட்டாரே!

தங்கை சீறினாள். "இவ சர்வாதிகாரி சார். ஒரு நூல்கண்டு மாத்தணும்னாகூட இவ கால்ல விழணும்."

"கடையில உங்க பேச்சுக்கும் மதிப்பு இருக்கணும்ங்கிறீங்க. அப்படித்தானே?"

தங்கை சட்டென்று அடங்கித் தலையாட்டினாள். அக்காவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"உங்க வெண்ணெய்ப் பேச்சு எனக்கு வேணாம் சார். நான் சொன்னது அது இல்ல."

"தப்பா புரிஞ்சிருந்தா நீங்களே திருத்துங்கம்மா."

"கேக்காததா விஷயம்? நான் செத்துட்டேன்னு முடிவு கட்டிட்டா இந்தப் பாவி!"

சமரசர் சற்று யோசித்தார். "நீங்க திரும்பி வருவீங்கன்னு தங்கச்சி நினைச்சாங்களா இல்லையா, அது உங்களுக்குத் தெரியணும். இப்ப சரியா?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சரிதான். நான்கு மாதமாக அவளைத் தூங்கவிடாதது இதுதான்.

துரோகி என்றதற்குத் தங்கையிடம் பதில் இருந்தது. பாவி என்றதற்கும் இருந்திருக்கும். இதற்கு இல்லை. முகம் வெளிறியது. கண் நிறைந்து, கை பெட்டியைத் தேடியது.

அக்கா பெட்டியை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "முதல்ல பதில் சொல்லுடி. அப்புறம் அழு."

தன் வசவெல்லாம் செய்யாததை இந்தச் சாதுவான கேள்வி செய்துவிட்டது என்று அவளுக்குக் குரூரமான திருப்தி. சமரசர் தங்கையிடம் திரும்பி, "இஷ்டமிருந்தா சொல்லலாம். கட்டாயமில்ல" என்றார்.

தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நினைக்கலக்கா. நீ வரமாட்டேன்னு நினைச்சுட்டேன். அந்த மேசையைத் தினம் பாக்க முடியல."

சமரசர் வாயைத் திறந்தார். அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"இதை மட்டும் மாத்திச் சொல்லாதீங்க சார். அப்படியே இருக்கட்டும்."

பெட்டி அக்காவின் மடியிலேயே இருந்தது. அதிலிருந்து முதல் தாளை அவள்தான் உருவினாள்.